எந்தப் பெயருக்கும் பொருந்தும் வாசகம்

தொழில் நடத்தும் வாடிக்கையாளர்கள் தங்கள் பெயர்ப்பலகையை ஒருமுறை வெளியே நின்று படித்துப் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் பெயருக்குக் கீழே ஒரு வரி இருக்கும். ‘தரமும் நம்பிக்கையும் எங்கள் அடையாளம்’ என்றோ, ‘வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் இலக்கு’ என்றோ அது அமைந்திருக்கும். இதை முத்திரை வாசகம் என்கிறோம். பெயர்ப்பலகை, பில் புத்தகம், வண்டியின் பக்கவாட்டு, விளம்பரம் என எங்கும் செலவழித்து எழுதப்படும் வரி இது. ஆனால் பல வேளைகளில் அது எதையும் சொல்வதில்லை.

இதைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. உங்கள் பெயரை மறைத்துவிட்டு, அந்த இடத்தில் எதிர்க்கடைக்காரரின் பெயரை வைத்துப் படியுங்கள். வரி அப்படியே பொருந்தினால் அது உங்களுடையதன்று. இரண்டாவது சோதனை, அதன் எதிர்ச்சொல்லை எண்ணிப் பார்ப்பது. ‘தரமற்ற பொருள்களைத் தருகிறோம்’ என்று எவரும் சொல்லப்போவதில்லை. ஆகவே ‘தரமான பொருள்கள்’ என்பது எவரையும் எவரிடமிருந்தும் பிரித்துக் காட்டுவதில்லை.

இச்சோதனையில் தேறிய வாசகத்திற்குப் புகழ்பெற்ற சான்று, அமெரிக்காவில் வாடகைக்குக் கார் விடும் ஏவிஸ் நிறுவனம். 1962ஆம் ஆண்டில் அத்துறையில் முதலிடம் ஹெர்ட்ஸ் நிறுவனத்தினுடையது. நட்டத்தில் இருந்த ஏவிஸ், தான் இரண்டாம் இடத்தில் இருப்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டது. அதனாலேயே கூடுதலாக முயல்வதாக அறிவித்தது. ‘கூடுதலாக முயல்கிறோம்’ என்பதை மட்டும் சொல்லியிருந்தால் ஹெர்ட்ஸும் அதைச் சொல்லியிருக்க முடியும். ‘இரண்டாம் இடம்’ என்ற சொற்களைத்தான் ஹெர்ட்ஸால் கடன் வாங்க இயலவில்லை. வாக்குறுதிக்கு ஒரு காரணமும் கூடவே வந்ததால் மக்கள் அதை நம்பினர்.

இனி, நம் நாட்டுச் சிறுதொழில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். குஜராத்தின் ராஜ்கோட் நகரம் நீர்மூழ்கி மோட்டார் உற்பத்திக்குப் பெயர்பெற்றது. அங்கே ஆழ்துளைக் கிணறுகளுக்கான மோட்டார் செய்யும் ஒரு பட்டறையைக் கற்பனை செய்வோம். ‘உழவரின் நம்பிக்கைக்குரிய தோழன்’ என்பது அதன் வாசகம். அதே தெருவில் உள்ள மற்றப் பட்டறைகளின் பலகைகளுக்கும் அது பொருந்துகிறது. பட்டறை உரிமையாளர் அதை மாற்ற விரும்புகிறார்.

முதலில் அவருக்குத் தோன்றுவது, ‘குறைந்த மின்னழுத்தத்திலும் ஓடும்’ என்பது. ஊர்ப்புறங்களில் மின்னழுத்தம் தாழ்வது உண்மையான தொல்லை என்பதால் இது பயனுள்ள செய்திதான். ஆயினும் பக்கத்துப் பட்டறைகளும் அத்தகைய மோட்டார்களைச் செய்கின்றன. பெயர் மாற்றும் சோதனையில் இது தோற்றுவிடுகிறது. அடுத்து, ‘இருபது ஆண்டு அனுபவம்’ என்பது. அது உரிமையாளருக்குப் பெருமை. உழவருக்கு அதனால் என்ன கிடைக்கிறது என்பது விளங்கவில்லை.

விடை உரிமையாளரின் அறையில் இல்லை. பழுது நீக்கும் பிரிவின் பதிவேட்டில் இருக்கிறது. அதைப் புரட்டினால் ஒரு செய்தி தெரிகிறது. காயில் எரிந்து மோட்டார் நின்றுபோனால், அதைக் கிணற்றிலிருந்து எடுத்துப் பட்டறைக்கு அனுப்பிக் காயில் கட்டித் திரும்பப் பெற ஒரு வாரத்துக்கு மேலாகிறது. பூவும் பிஞ்சுமாக நிற்கும் பயிருக்கு அந்த ஒரு வாரம் பெரும் இழப்பு. இதை உணர்ந்த பட்டறையின் மேலாளர், பழுது தீரும்வரை உழவருக்கு இரவல் மோட்டார் ஒன்றைக் கொடுத்தனுப்புவதைச் சில ஆண்டுகளாக வழக்கமாக வைத்திருக்கிறார். அத்தெருவில் வேறெவரும் இதைச் செய்வதில்லை. மறுமுறையும் இங்கேயே வாங்கிய உழவர்களைக் கேட்டால், பலரும் சொல்லும் காரணம் இதுவாகவே இருக்கிறது. செய்துகொண்டிருக்கும் நற்செயலைச் சொல்லாமல் விட்டு, பொதுப்படையான புகழுரையைப் பலகையில் எழுதியிருக்கிறார்கள்.

இப்போது வரி பிறக்கிறது: ‘மோட்டார் எரிந்தால் 24 மணி நேரத்தில் மாற்று மோட்டார்.’ இங்கேதான் நிதானம் தேவை. பதிவேட்டில் ஓராண்டில் 60 அழைப்புகள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றில் 41 உழவர்களுக்கு ஒரு நாளுக்குள் மோட்டார் சென்றது. 17 பேருக்கு இரண்டாம் நாள் சென்றது. இருவருக்கு மோட்டார் கிணற்றுக்குள் சிக்கிக்கொண்டதால் மேலும் தாமதமாயிற்று. ஒரு நாள் என்று எழுதினால் ஏறத்தாழ மூவரில் ஒருவரிடம் பொய் சொன்னதாகும். இரண்டு நாள் என்று எழுதினால் 58 பேரிடம் வாக்குக் காப்பாற்றப்படும். எஞ்சிய இருவரின் நிலையையும் கருதி, ‘பழைய மோட்டார் கிணற்றிலிருந்து வெளியே வந்த இரண்டு நாளில்’ என்ற நிபந்தனையைப் பில்லில் தெளிவாக அச்சிட வேண்டும்.

அடுத்த கேள்வி இருப்பைப் பற்றியது. பாசன நெருக்கடி மிகுந்த வாரத்தில் நான்கு மோட்டார்கள் எரிவதாகவும், ஒவ்வோர் இரவல் மோட்டாரும் திரும்பிவர இரண்டு வாரம் ஆவதாகவும் வைத்துக்கொண்டால், ஒரே நேரத்தில் எட்டு மோட்டார்கள் வெளியே இருக்கும். 5, 7.5, 10 எச்.பி. என மூன்று திறன்களிலும் கைவசம் வேண்டுமாதலால் பத்துக்குக் குறையாமல் இருப்பு தேவை. அதற்கான நடைமுறை மூலதனத்தை ஒதுக்கிய பிறகே பலகை எழுதுபவரை அழைக்க வேண்டும்.

சட்டமும் இதையே வேண்டுகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்திற்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மீண்டும் தவறினால் அது 50 லட்சம் வரை உயரும். பொதுப்படையான புகழ்ச்சியை மெய்ப்பிக்குமாறு எவரும் கேட்பதில்லை. எண்ணும் காலமும் கொண்ட வாக்குறுதிக்குச் சான்று கேட்பார்கள். பதிவேடே அச்சான்று. ஆகவே அழைப்பு வந்த நேரத்தையும் மோட்டார் சென்ற நேரத்தையும் தவறாமல் எழுதி வைக்க வேண்டும்.

இத்தகைய வரியை வணிகச் சின்னமாகப் பதிவு செய்து காத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பதுண்டு. சேவையின் தன்மையை மட்டும் விவரிக்கும் சொற்களைப் பதிவு செய்ய, 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 9ஆம் பிரிவு பொதுவாக இடந்தருவதில்லை. ஆகையால் வரிக்குக் காவல் சட்டமன்று. கிடங்கில் இருக்கும் பத்து மோட்டார்களே. போட்டியாளர் சொற்களை ஒரே இரவில் நகலெடுக்கலாம்; மோட்டார்களை வாங்கி அடுக்க அவருக்குப் பணமும் காலமும் வேண்டும். என்றாவது அவரும் அவ்வாறு செய்துவிட்டால், அன்று பழைய சோதனையில் இவ்வரியும் தோற்கும். அப்போது பதிவேட்டை மீண்டும் புரட்ட வேண்டியதுதான்.

புதிய வரி வேலை செய்கிறதா என்பதை எப்படி அறிவது? பழைய பலகையைப் பார்த்து எவரும் எதுவும் கேட்டதில்லை. புதியதைப் பார்ப்பவர், “என் ஊர் அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதே, அங்கேயும் இரண்டு நாளில் வருமா?” என்று கேட்பார். அக்கேள்விக்கு உங்கள் ஊழியர் தயங்காமல் விடை சொல்ல முடிந்தால், அந்த வரி உங்களுடையது.