பிடரிக்கு ஒரு கணக்கு, உச்சிக்கு ஒரு கணக்கு

1967-இல் ஹாலிவுட்டின் பாரமவுண்ட் ஸ்டூடியோவில் பத்திரிகையாளர்களைக் கூட்டிவைத்து மியா ஃபாரோவின் முடியை வெட்டினார் விடால் சாசூன். 'ரோஸ்மேரிஸ் பேபி' படத்துக்கான விளம்பரம் அது. அதற்காக அவருக்கு 5,000 டாலர் கொடுத்ததாகப் பேசிக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தலையில் வெட்ட அதிகம் மிச்சமில்லை. அதற்கு முன்பே நகம் வெட்டும் கத்தரியால் தானே தன் நீள முடியைக் குட்டையாக்கிக்கொண்டதாக ஃபாரோ பின்னாளில் சொன்னார். சாசூன் செய்தது பெரும்பாலும் ஒழுங்குபடுத்தல்தான்.

பிக்ஸி கட் என்ற குட்டைக் கிராப்பில் முதல் வெட்டைவிட, பிறகு வரும் இந்த ஒழுங்குபடுத்தலே முக்கியம். மெல்லிய முடி உள்ளவர்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும்.

மெல்லிய முடி வேறு, அடர்த்தி குறைந்த முடி வேறு. ஒரே ஓர் இழையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உருட்டிப் பாருங்கள். விரலில் எதுவும் தட்டுப்படவில்லை என்றால் அது மெல்லிய முடி. அப்படிப்பட்ட இழைகள் தலை நிறைய இருக்கலாம். அடர்த்தி என்பது எண்ணிக்கை சார்ந்தது. மெல்லிய இழைக்குத் தன் எடையைத் தாங்கும் விறைப்பு இல்லை. நீளம் கூடக்கூட மண்டையோடு ஒட்டிப் படிந்துவிடும். குட்டையாக வெட்டினால் எடை குறைந்து சற்றே எழும்பி நிற்கும். பிக்ஸி இவர்களுக்குப் பொருந்துவதன் காரணம் அதுதான். தடித்த முடி வளர்ந்தால் உப்பிக்கொண்டு வடிவம் கெடும்; மெல்லிய முடி வளர்ந்தால் சரிந்து வடிவம் கெடும்.

தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1.25 செ.மீ. வளரும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். வெட்டுவதால் இந்த வேகம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. வேர் இருப்பது தோலுக்கு அடியில், கத்தரி படுவது நுனியில். மொட்டை போட்டால் முடி தடிமனாக வளரும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். வெட்டுப்பட்ட நுனி மொட்டையாக இருப்பதால் தடவும்போது சொரசொரவென்று படுகிறதே தவிர, இழையின் பருமன் மாறுவதில்லை.

சரி, தலை முழுக்க ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் வளர்கிறது. பிறகு ஏன் பிடரி மட்டும் முந்திக்கொள்வதுபோலத் தெரிகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெண் பிக்ஸி வெட்டிக்கொள்கிறார்: பிடரியில் 1.5 செ.மீ., காதோரம் 3, உச்சியில் 6, நெற்றியில் 8. நான்கு வாரம் கழித்து எல்லா இடத்திலும் ஒரு செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக ஏறியிருக்கும். நெற்றி முடி 8-லிருந்து 9-ஐத் தாண்டும்; பார்ப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. பிடரியில் 1.5 என்பது 2.7 ஆகியிருக்கும், கிட்டத்தட்ட இரட்டிப்பு. சட்டைக் காலரில் முடி படும், காதுமடல்மேல் இழைகள் வந்து உட்காரும்.

ஆகவே ஒரே தலைக்கு இரண்டு நாட்காட்டி வேண்டும். பிடரியையும் காதோரத்தையும் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒதுக்கினால் போதும். சில நிமிட வேலை. முழு வெட்டு ஐந்திலிருந்து ஏழு வாரத்துக்குள். அது எப்போது என்பதைத் தேதியைவிட உச்சிதான் நன்றாகச் சொல்லும். தலைக்குக் குளித்து உலர்த்திய அன்றே, மதியத்துக்குள் உச்சி படுத்து வகிடு தானாகப் பிளக்கிறதா? மேலே நீளம் கூடிவிட்டது, வெட்டலாம். தலையில் எண்ணெய் இருக்கும்போது மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். துளித் தேங்காயெண்ணெயே மெல்லிய முடியைப் படுக்கவைத்துவிடும். குளிப்பதற்கு முந்தைய இரவு தேய்த்து மறுநாள் அலசிவிடுவதே இந்தக் கிராப்புக்குத் தோது.

பார்லரில் பெரும்பாலும் கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, சீப்புபோலப் பல் வைத்த தின்னிங் கத்தரி. தடித்த, அடர்ந்த முடியில் பாரம் குறைக்கப் பயன்படும் கருவி அது. மெல்லிய முடியில் போட்டால் நுனிகள் கிழிந்த நூல்போல வெறிச்சோடிப் போகும், வெளிச்சத்தில் மண்டைத்தோல் தெரியும். ரேசரால் சீவி வெட்டுவதும் அப்படித்தான். நுனி நேராக வெட்டப்பட்டால்தான் மெல்லிய இழைகள் சேர்ந்து அடர்த்தியாகத் தெரியும்; வடிவம் மென்மையாக வேண்டுமானால் கத்தரி முனையால் அங்கங்கே லேசாகக் கொத்தினால் போதும். தின்னிங் போட்டுக் கெட்டுவிட்டால் அவசரப்பட்டு மறுபடி வெட்டக் கூடாது. இரண்டு, மூன்று மாதம் உச்சியை வளரவிட்டு நுனியை மட்டும் நேராக்கிக்கொண்டே வந்தால்தான் சீராகும்.

இன்னொன்று சுழி. உச்சிச் சுழியைச் சுற்றியுள்ள முடியை மற்ற இடத்தின் நீளத்துக்கே வெட்டினால் அது குத்திட்டு நிற்கும். அங்கே ஒரு செ.மீ. கூடுதலாக விடுவது வழக்கம். ஈரத்தில் மெல்லிய முடி ஒட்டிக்கிடப்பதால் சுழி எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று தெரியாது. உலர்த்திப் பார்த்த பிறகு கடைசித் திருத்தம் செய்யச் சொல்லிக் கேட்கலாம், தயங்க வேண்டியதில்லை.

கிராப் அலுத்து, முகவாய்வரை வளர்க்க முடிவு செய்தால் கணக்கு தலைகீழ். நெற்றி முடி 8 செ.மீ.யிலிருந்து முகவாயைத் தொட இன்னும் ஏறக்குறைய 13 செ.மீ. வேண்டும், அதாவது பத்து, பதினொரு மாதம். உச்சி முடி வெகுதூரம் இறங்கிவர வேண்டும். அதற்கு ஒன்றரை ஆண்டுக்கு மேலாகும். பிடரியின் அடி முடியோ ஏற்கெனவே தாடை மட்டத்துக்கு அருகில்தான் இருக்கிறது. மூன்றையும் ஒருசேர வளரவிட்டால் நான்காம் மாதத்தில் மேலே குட்டை, பின்னால் வால் என்ற கோலம்தான். பலர் மனம் வெறுத்துத் திரும்பவும் கிராப் வெட்டிக்கொள்வது இங்கேதான்.

தப்பிக்க ஒரு வழி உண்டு. முதல் ஐந்து, ஆறு மாதம் ஆறு வாரத்துக்கு ஒருமுறை பிடரியை மட்டும் வெட்டிக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். உச்சி, நெற்றிப் பக்கம் கத்தரி போகக் கூடாது. மூன்று, நான்காம் மாதத்தில் காதோர முடி கண்டபடி நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி ஊசி குத்திச் சமாளிக்க வேண்டியதுதான், வேறு வைத்தியமில்லை. ஆறாம் மாதவாக்கில் பக்கமுடி காதை மூடும். அதன்பின் பிடரியை வளரவிட்டு, எட்டுப் பத்து வாரத்துக்கு ஒருமுறை நுனி மட்டும் நேராக்கினால், ஓராண்டில் அடுக்கு வைத்த குட்டை பாப் கிடைக்கும். ஒரே நீளத்தில் பாப் வேண்டுமென்றால் உச்சிக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும்.

வளர்க்கும் எண்ணத்தோடு பார்லருக்குப் போகிறவர்கள் "கொஞ்சம் ஷேப் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார வேண்டாம். எந்த இடத்தைத் தொட வேண்டும், எந்த இடத்தைத் தொடக் கூடாது என்று விரலால் காட்டுங்கள். தின்னிங் கத்தரி வேண்டாம் என்பதை நாற்காலியில் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்.