சொல்லை மாற்றினால் போதுமா?

கல்லூரியில் முதல் பருவம். சமூகவியல் வகுப்பில் ஆசிரியர் 1,500 சொற்களில் ஒரு கட்டுரை எழுதிவரச் சொல்கிறார். தலைப்பு: 'சமஸ்கிருதமயமாக்கம் சாதியமைப்பை மாற்றியதா?' பிளஸ் டூ வரை புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினால் முழு மதிப்பெண் கிடைத்தது. இங்கே அதே காரியத்துக்குக் கருத்துத் திருட்டு என்று பெயர். இந்த மாற்றத்தைப் பெரும்பாலான மாணவர்களுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. 'சொந்த நடையில் எழுது, மேற்கோள் காட்டு' என்ற இரண்டு கட்டளைகள் மட்டும் கிடைக்கும். அந்த இரண்டையும் எப்படிச் செய்வது என்பதை இந்த ஒரே தலைப்பை வைத்துக்கொண்டு பார்ப்போம்.

மாணவர் கையிலுள்ள பாடநூலில் கீழ்க்காணும் பகுதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காக நான் எழுதிய மாதிரிதான்.

"சாதியமைப்பில் கீழ்நிலையில் வைக்கப்பட்டுள்ள ஒரு குழு, தன் உணவுப் பழக்கம், சடங்குகள், வாழ்க்கை முறை ஆகியவற்றை மேல்நிலைச் சாதி ஒன்றின் வழக்கங்களையொட்டி மாற்றிக்கொண்டு, ஓரிரு தலைமுறைகளில் உயர்ந்த இடத்தைக் கோருவதையே சமஸ்கிருதமயமாக்கம் என்கிறார் ஸ்ரீனிவாஸ். பின்பற்றப்படும் மாதிரி எப்போதும் பிராமணர்களாக இருக்க வேண்டியதில்லை. அந்த வட்டாரத்தின் ஆதிக்கச் சாதியாகவும் இருக்கலாம். இதனால் குறிப்பிட்ட குழுவின் இடம் மாறலாமே தவிர, படிநிலை அமைப்பு மாறுவதில்லை."

இதைப் படித்த மாணவர் தன் கட்டுரையில் இப்படி எழுதுகிறார்:

"சாதியமைப்பில் தாழ்ந்த நிலையிலுள்ள ஒரு பிரிவு, தன் உணவு முறை, சடங்குகள், வாழும் முறை போன்றவற்றை உயர்சாதி ஒன்றின் பழக்கங்களைப் பின்பற்றி மாற்றிக்கொண்டு, ஒன்றிரண்டு தலைமுறைகளில் மேலான இடத்தைப் பெறுவதே சமஸ்கிருதமயமாக்கம்."

ஒரு வரிகூட அப்படியே எடுக்கவில்லை என்று அவர் நினைக்கலாம். ஆனால் வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. 'குழு' போய் 'பிரிவு' வந்திருக்கிறது, 'பழக்கம்' போய் 'முறை' வந்திருக்கிறது. தகவல்கள் வரும் வரிசைகூட மாறவில்லை. இதற்கு ஒட்டுவேலை எழுத்து என்று பெயர் சொல்லலாம். எழுத்துப் பயிற்சி பற்றி ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ரெபெக்கா மூர் ஹோவர்ட் 1990களில் இந்தப் பழக்கத்துக்குத் தனிப்பெயரே கொடுத்தார். ஏமாற்றும் எண்ணம் இல்லாத மாணவர்களும் இப்படி எழுதுகிறார்கள், படித்த பகுதி இன்னும் முழுதாகப் பிடிபடாத நிலையில்தான் பெரும்பாலும் இது நேர்கிறது என்பது அவர் வாதம். எண்ணம் எதுவானாலும், திருத்தும் ஆசிரியர் கண்ணுக்கு அது நகலாகவே தெரியும்.

நகல் என்பதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று அந்த வாக்கியத்தில் இருக்கிறது. மூலத்தில் 'கீழ்நிலையில் வைக்கப்பட்டுள்ள' என்று இருந்தது மாணவர் கையில் 'தாழ்ந்த நிலையிலுள்ள' என்று ஆகிவிட்டது. முதலாவது, சமூகம் அந்தக் குழுவை அங்கே வைத்திருக்கிறது என்று சொல்கிறது. இரண்டாவது, அந்தக் குழுவே தாழ்ந்தது என்று மாணவர் தீர்ப்பளிப்பது போல ஒலிக்கிறது. அதேபோல 'கோருவது' என்பது 'பெறுவது' ஆகிவிட்டது. கோரிய எல்லோருக்கும் அந்த இடம் கிடைத்ததா என்பதுதான் கட்டுரைத் தலைப்பின் கேள்வியே. ஒரு வினைச்சொல் மாறியதில் விடையை முன்கூட்டியே சொன்னதாகிவிட்டது. 'என்கிறார் ஸ்ரீனிவாஸ்' என்பதும் காணாமல் போனதால், ஓர் ஆய்வாளரின் விளக்கம் எல்லோரும் ஒப்புக்கொண்ட உண்மையாக வேடம் மாறிவிட்டது. அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் மாற்றுவதில் வரும் ஆபத்து இதுதான். சமூகவியலில் சொற்கள் சும்மா இருப்பதில்லை.

சரியான வழி கொஞ்சம் மெதுவானது. பகுதியை இரண்டு முறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட வேண்டும். பிறகு 'இந்த ஆசிரியர் என்ன சொல்கிறார், அதில் என் கேள்விக்கு எது தேவை?' என்று கேட்டு, நண்பருக்கு வாயால் சொல்வது போல நோட்டில் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் புத்தகத்தைத் திறந்து இரண்டு விதமாக ஒப்பிட வேண்டும். பொருள் கூடியோ குறைந்தோ போயிருக்கிறதா என்பது முதல் ஒப்பீடு. வாக்கிய அமைப்போ வரிசையாக நாலைந்து சொற்களோ மூலத்தோடு ஒத்துப்போகின்றனவா என்பது இரண்டாவது. இப்படிச் செய்தால் கிடைப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"சமஸ்கிருதமயமாக்கம் சாதிப் படிநிலையைத் தொடுவதில்லை என்பது ஸ்ரீனிவாஸின் கருத்தாகப் பாடநூலில் விளக்கப்படுகிறது. அந்தப் படிநிலைக்கு உள்ளிருந்தபடியே ஒரு குழு தனக்கு மேலான இடம் கேட்கிறது; உணவையும் சடங்கையும் வாழும் விதத்தையும் மாற்றிக்கொள்வது அதற்கான வழி. யாரைப் பார்த்து மாறுகிறார்கள் என்பது வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடலாம்."

இங்கே மூலத்தின் கடைசி வாக்கியம் முதலில் வந்திருக்கிறது. கட்டுரையின் கேள்வி 'மாற்றியதா?' என்பதால் மாணவருக்கு முதலில் தேவைப்பட்டது அதுதான். தன் கேள்விக்கு ஏற்ப வரிசை தானாக மாறுவது, படித்தது புரிந்திருக்கிறது என்பதற்கு நல்ல அடையாளம். 'சமஸ்கிருதமயமாக்கம்', 'படிநிலை' ஆகிய சொற்கள் மட்டும் மாறவில்லை, மாறவும் கூடாது. 'ஆதிக்கச் சாதி', 'சமூக அசைவியக்கம்' போன்ற கலைச்சொற்களுக்கு மாற்றுச்சொல் தேடினால் பொருளே கெட்டுவிடும். அவற்றை யார் உருவாக்கினார் என்று ஒரு முறை சொல்லிவிட்டுத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

சொந்த நடையில் எழுதிவிட்டோமே, இனி பெயர் எதற்கு என்று தோன்றும். நடைதான் மாணவருடையது, கருத்து இன்னொருவருடையது. ஆகவே மூலக்குறிப்பு கட்டாயம் வேண்டும். சமூகவியலில் பரவலாக உள்ள முறை, வாக்கியத்தின் முடிவில் அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கம் தருவது: (ஸ்ரீனிவாஸ் 1966: 6). அந்த நூலின் முழு விவரம் கட்டுரையின் இறுதியிலுள்ள துணைநூற்பட்டியலில் வரும். காற்புள்ளியா முக்காற்புள்ளியா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஒரே முறையைக் கட்டுரை முழுக்கக் கடைப்பிடித்தால் போதும். ஒரு முழுப் பத்தியை எழுதிவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு குறிப்புப் போடுவதுதான் இங்கே நடக்கும் வழக்கமான பிழை. அதில் எந்த வாக்கியம் நூலாசிரியருடையது, எது மாணவருடையது என்று படிப்பவருக்குத் தெரியாது. 'ஸ்ரீனிவாஸ் விளக்குவது போல' என்று தொடக்கத்திலேயே பெயரைச் சொல்லி, அவர் கருத்து முடியும் இடத்தில் குறிப்பை வைத்தால் எல்லை தெளிவாகிவிடும்.

இனி அடுத்த கண்ணி. மாணவர் படித்தது பாடநூல். ஸ்ரீனிவாஸின் நூலை அவர் பார்த்ததே இல்லை. ஆனால் பாடநூலில் 'ஸ்ரீனிவாஸ் 1952' என்று இருப்பதைப் பார்த்து அதையே தன் குறிப்பாக எழுதிவிடுகிறார். குடகு மக்களைப் பற்றிய ஸ்ரீனிவாஸின் நூல் 1952இல் வெளிவந்தது உண்மைதான். அதில் அவர் அழுத்தம் கொடுத்தது பிராமண மாதிரிக்கு. வட்டார ஆதிக்கச் சாதியும் மாதிரியாகலாம் என்று விரித்துச் சொன்னதும், பிராமண மாதிரிக்குத் தான் முன்பு அதிக அழுத்தம் கொடுத்துவிட்டதாக ஒப்புக்கொண்டதும் 1966இல் வந்த 'நவீன இந்தியாவில் சமூக மாற்றம்' நூலில். ஆதிக்கச் சாதிக் கருத்தை எழுதிவிட்டு 1952 என்று ஆண்டு போட்டிருந்தால், மாணவர் அந்த நூலைத் திறக்கவில்லை என்பது ஆசிரியருக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். நேர்மையான வழி எளிது. 'ஸ்ரீனிவாஸ் 1966, எடுத்தாண்டவர்' என்று எழுதி, பாடநூலாசிரியரின் பெயரையும் ஆண்டையும் பக்கத்தையும் தர வேண்டும். துணைநூற்பட்டியலில் கையால் தொட்டுப் படித்த பாடநூல் மட்டுமே இடம்பெற வேண்டும்.

தமிழ்வழி மாணவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஆங்கில நூலிலுள்ள ஒரு பத்தியைத் தமிழில் பெயர்த்து எழுதினால், ஒவ்வொரு சொல்லும் தானே தேடி எழுதியது என்பதால் அது சொந்த எழுத்து என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. உழைப்பு சொந்தம்தான். ஆனால் வாதம், அதன் வரிசை, அதன் எடுத்துக்காட்டுகள் எல்லாமே இன்னொருவருடையவை. வரிக்கு வரி பெயர்த்த பகுதியை மேற்கோள் குறிக்குள் இட்டு 'மொழிபெயர்ப்பு என்னுடையது' என்று குறிப்பிட வேண்டும். இல்லையென்றால் மேலே சொன்னபடி புத்தகத்தை மூடிவிட்டுத் தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டும். ஒப்புமை காட்டும் மென்பொருள் மொழி தாண்டிய நகலைத் தவறவிடலாம். அந்த ஆங்கில நூலைப் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தும் ஆசிரியர் தவறவிட மாட்டார். 'இது சுட்டிக்காட்டப்பட வேண்டியதாக இருக்கிறது' என்பது போன்ற முடிச்சு விழுந்த செயப்பாட்டு வாக்கியங்களே அவருக்குத் துப்புக் கொடுத்துவிடும்.

எதற்கு மூலக்குறிப்பு தேவையில்லை? சிவகாசிக் கலவரம் 1899இல் நடந்தது என்பது பல நூல்களில் ஒன்றுபோல் காணப்படும் தகவல், அதற்கு வேண்டாம். அந்தக் காலத்தில் நாடார் சமூகத்தினர் பூணூல் அணிந்ததையும் சத்திரியர் என்று உரிமை கோரியதையும் எப்படிப் புரிந்துகொள்வது என்று விளக்கத் தொடங்கினால், அந்த விளக்கம் யாருடையது என்று சொல்லியாக வேண்டும். அச்சமூகத்தின் மாற்றங்களை ஆராய்ந்து ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். அந்த வரலாற்றையும் ஸ்ரீனிவாஸின் கருத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாணவர் தானாக ஒரு முடிவுக்கு வந்தால், அந்த வாக்கியத்துக்குக் குறிப்பு வேண்டாம். அது அவருடையது.

'பத்து விழுக்காடு வரை நகல் எடுக்கலாமாம்' என்று விடுதிகளில் ஒரு பேச்சு உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளில் பத்து விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்பதிலிருந்து பிறந்த தவறான புரிதல் அது. அந்த விதிகள் ஆய்வேடுகளையும் வெளியிடப்படும் ஆய்வுக்கட்டுரைகளையும் பற்றியவை. வகுப்புக் கட்டுரைகளையும் விடைத்தாள்களையும் அவை வெளிப்படையாகவே விலக்கியிருக்கின்றன. எனவே முதலாண்டுக் கட்டுரைக்கு அளவுகோல் அந்தந்தத் துறையும் ஆசிரியரும் வைப்பதுதான். குறிப்பில்லாமல் எடுத்த ஒரு பத்தி, மொத்தக் கட்டுரையில் ஐந்து விழுக்காடே ஆனாலும், மதிப்பெண்ணை இழக்கச் செய்யலாம்.

கருத்துத் திருட்டு பெரும்பாலும் எழுதும் மேசையில் நடப்பதில்லை. அதற்கு முன்பே, நூலகத்தில் குறிப்பெடுக்கும்போது நடந்துவிடுகிறது. நோட்டில் மூலத்தின் வரியும் மாணவரின் எண்ணமும் கலந்து கிடந்தால், பத்து நாள் கழித்து எது யாருடையது என்று அவருக்கே தெரியாது. ஆகவே அப்படியே எடுத்த வரிக்கு மேற்கோள் குறியும் பக்க எண்ணும், சுருக்கி எழுதியதற்குப் பக்க எண்ணும், தனக்குத் தோன்றியதற்கு ஓரத்தில் 'நான்' என்ற அடையாளமும் இட்டு வைக்க வேண்டும். கட்டுரையை எழுத உட்காரும்போது அந்த 'நான்' எத்தனை இடங்களில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றிரண்டுதான் இருக்கிறது என்றால், உங்களிடம் இருப்பது குறிப்புகள் மட்டுமே. கட்டுரைக்கு இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.