பூனை எண் 400

1959-இல் ஜப்பானின் மினமாட்டாவில், சிஸ்ஸோ ரசாயன ஆலையின் மருத்துவமனைக்குத் தலைவராக இருந்த மருத்துவர் ஹோசோகாவா ஹாஜிமே, ஆலைக் கழிவுநீரைத் தீனியில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்துவந்தார். அதன் எண் 400. அக்டோபரில் அந்தப் பூனை உடல் உதறி, எச்சில் வடித்து, சுழன்று சுழன்று சுவரில் மோதியது. விரிகுடா மீனைத் தின்ற ஊர்ப் பூனைகளும் அப்படித்தான் செத்திருந்தன. மீனவக் குடும்பங்களில் கைகால் மரத்து, பார்வை சுருங்கி, பேச்சு குழறுவது 1956 மே மாதமே அதிகாரபூர்வமாகத் தெரியவந்துவிட்டது. ஆனாலும் நிர்வாகம் பூனைச் சோதனையை மூடி மறைத்தது. கழிவு 1968 வரை கடலில் கலந்தது. அந்த ஒன்பது ஆண்டுகளை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆலை அசிட்டால்டிஹைட் தயாரிக்கப் பாதரச உப்பைப் பயன்படுத்தியது. அந்த வினையிலேயே கொஞ்சம் மெத்தில் பாதரசமும் உண்டானது. மற்ற இடங்களில் சேற்றிலுள்ள பாக்டீரியாக்கள் சாதாரணப் பாதரசத்தை இப்படி மாற்றுகின்றன. இது உடலில் புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால் எளிதில் வெளியேறாது. மிதவை உயிரிகளை மீன்குஞ்சு தின்கிறது, அதைச் சிறுமீன், அதைப் பெருமீன். ஒவ்வொன்றும் தன் வாழ்நாள் முழுக்கத் தின்ற நஞ்சில் பெரும்பகுதியை அடுத்ததற்குக் கொடுக்கிறது. இப்படி ஏறி ஏறி, வேட்டையாடும் பெருமீனின் உடலில் அது சுற்றியுள்ள நீரைவிடப் பத்து லட்சம் மடங்குகூட இருக்கும். தண்ணீரைச் சோதித்துவிட்டு நிம்மதி அடைய முடியாது. மீனைத்தான் சோதிக்க வேண்டும். நஞ்சு சதையிலேயே இருப்பதால், கழுவினாலும் கொதிக்கவைத்தாலும் போகாது.

மனித உடலில் சேர்ந்ததில் பாதி வெளியேறவே ஏறத்தாழ 50 நாளாகும். அதற்குள் அடுத்தடுத்த வேளை மீன் வந்து சேர்ந்துவிடும். கர்ப்பிணியாக இருந்தால் இது நஞ்சுக்கொடியைத் தாண்டிச் சிசுவின் மூளைக்குப் போகும். மினமாட்டாவில் தாய்க்கு லேசான அறிகுறிகளே இருக்க, குழந்தை மூளை முடக்கத்தோடு பிறந்தது. நஞ்சுக்கொடி நஞ்சைத் தடுத்துவிடும் என்று அன்றைய மருத்துவம் நம்பியிருந்தது. ஜப்பானியக் குடும்பங்கள் காயவைத்துப் பாதுகாக்கும் தொப்புள்கொடிகளைச் சோதித்து, கருவிலேயே பாதரசம் ஏறியதை மருத்துவர் ஹராடா மசாசுமி நிறுவினார்.

ஈயத்தின் போக்கு வேறு. அது மீனின் செவுளிலும் எலும்பிலும், சிப்பியின் உடலிலும் சேரும். ஆனால் பாதரசம்போல ஒவ்வொரு படியிலும் பெருகாது. மனிதரில் எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கி, கர்ப்பத்தின்போதும் பாலூட்டும்போதும் எலும்பிலிருந்து சுண்ணாம்புச்சத்து கரையும்போது அதோடு ரத்தத்தில் இறங்கும். குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயமும் கெடுக்கும்.

பால் சுரக்கட்டும் என்று நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுக்கிறோம். சுறா கடல் உணவுச் சங்கிலியின் உச்சியில் இருக்கும் மீன். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அதைத் தவிர்க்க வேண்டும் என்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். அடுத்த முறை மத்தியோ நெத்திலியோ வாங்கிக் கொடுங்கள்.