பட்டியலில் மறைக்க வேண்டியதும் மறைக்கக் கூடாததும்



கல்முனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் வீதியிலே, சிறிது தூரத்தில், மருதமுனை என்னும் ஊர் இருக்கிறது. கைத்தறிக்குப் பெயர் பெற்ற ஊர் அது. அங்கே நெசவு செய்வித்து விற்கும் ஒருவர் என்னிடம் படித்த மாணவர். சென்ற ஆண்டு ஒரு மாலை, ஒரு கட்டுச் சீட்டுகளைக் கையில் ஏந்தி என் வீட்டுக்கு வந்தார்.

"சேர், கொழும்பிலுள்ள கணக்காளர் இவற்றின் பிரதிகளை அனுப்பச் சொல்கிறார். அனுப்பவும் மனமில்லை, அனுப்பாமல் இருக்கவும் வழியில்லை" என்றார்.

அவருடைய தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. அவருக்கு நெய்து கொடுக்கும் பெண் ஒருத்திக்குச் சில வாரங்களுக்கு முன் தொலைபேசி அழைப்பொன்று வந்ததாம். பேசியவன் தன்னை வங்கி அலுவலர் என்று கூறிக் கொண்டான். அவளுடைய முழுப் பெயரையும், பிறந்த தேதியையும், கணக்கு இலக்கத்தையும் பிழையின்றிச் சொன்னான். இவ்வளவும் அறிந்தவன் வங்கிக்காரனாகவே இருக்க வேண்டும் என்று நம்பிய அந்தப் பெண், தன் கைத்தொலைபேசிக்கு வந்த இரகசிய இலக்கத்தை அவனிடம் சொல்லி விட்டாள். கணக்கிலிருந்த கூலிப் பணம் போயிற்று. அவளுடைய விவரங்கள் எங்கிருந்து வெளியே சென்றன என்பதை எவராலும் கண்டறிய இயலவில்லை. ஆனால் அவை அத்தனையும் தம்முடைய கூலிச் சீட்டிலே ஒரே பக்கத்தில் இருந்தன என்பதை எண்ணித்தான் என் மாணவர் உறக்கமிழந்தார்.

கட்டை அவிழ்த்துப் பார்த்தோம். மூன்று வகைத் தாள்கள் இருந்தன. நூல் வாங்கியதற்கான பட்டியல்கள் ஒரு வகை. சாரமும் சேலையும் விற்றதற்கான பட்டியல்கள் மற்றொரு வகை. நெசவாளருக்குக் கொடுத்த கூலிச் சீட்டுகள் மூன்றாம் வகை. ஒவ்வொன்றையும் எடுத்து, "இதைக் கொண்டு கணக்காளர் என்ன செய்யப் போகிறார்?" என்று கேட்டுக் கொண்டோம். அவருடைய வேலைக்கு வேண்டியது நிற்க வேண்டும்; வேண்டாதது மறைய வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதையே தன் நெறிகளுள் ஒன்றாக வகுத்திருக்கிறது. ஒருவரைப் பற்றிய விவரத்தை எந்த நோக்கத்துக்காகக் கையாளுகிறோமோ, அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவோடு நிறுத்திக் கொள்ள வேண்டும் என்பது அது.

முதலில் நூல் பட்டியல்கள். இவற்றில் மறைப்பதற்கு அதிகமில்லை. விற்றவர் பதிவு பெற்ற வணிகர். அவர் பெயர், முகவரி, பெறுமதி சேர் வரிப் பதிவிலக்கம், பட்டியல் இலக்கம், தேதி, சரக்கின் விவரம், அளவு, விலை, வரித் தொகை ஆகியவை வரிப் பட்டியலின் உயிர். வாங்கியவரின் பெயரும் அப்படியே. இவற்றுள் ஒன்றை மறைத்தாலும், கட்டிய வரியைக் கழித்துக் கொள்ளும் உரிமையைக் கணக்காளர் சரிபார்க்க முடியாது. அச்சத்தால் எல்லாவற்றையும் மறைத்து அனுப்புவோர் இங்கேதான் தவறுகிறார்கள். பட்டியலின் அடியில் அச்சிட்டிருக்கும் வங்கிக் கணக்கு இலக்கத்தை மட்டும், கடைசி நான்கு இலக்கங்கள் நிற்க, மறைத்தோம்.

விற்பனைப் பட்டியல்களில் இரண்டு பிரிவுண்டு. கடைக்காரருக்கு விற்றதாயின் பெயர் நிற்கட்டும். கடன் கணக்குக்கு அது தேவை. வீட்டுத் தேவைக்காக ஒரு சேலை வாங்கியவரின் வீட்டு முகவரியும் தொலைபேசி இலக்கமும் கணக்காளருக்கு எதற்கு? அவற்றை மறைத்தோம்.

கூலிச் சீட்டுகளே கவனத்துக்குரியவை. ஓர் உதாரணம் சொல்கிறேன். சீட்டு இலக்கம் 47. அதில் தேதி, நெசவாளரின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், தேசிய அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம் ஆகியவற்றோடு, 20 சாரம், ஒன்றுக்கு 600 ரூபாய், மொத்தம் 12,000 ரூபாய் என்று எழுதப்பட்டிருந்தது என்று வைத்துக் கொள்வோம். கணக்காளருக்குத் தேவையானவை சீட்டு இலக்கம், தேதி, வேலையின் அளவு, தொகை, அது எந்தக் கணக்குக்குச் சென்றது என்பதற்கான அடையாளம் ஆகிய ஐந்தே. ஆகவே பெயருக்குப் பதிலாக 'நெ 12' என்று ஒரு குறியீடு இட்டோம். கணக்கு இலக்கத்தில் கடைசி நான்கை மட்டும் விட்டோம். மற்றவை மறைந்தன. 'நெ 12' யார் என்பதைக் காட்டும் அட்டவணை ஒரு கொப்பியிலே எழுதப்பட்டு, முதலாளியின் பெட்டியிலேயே இருக்கும். அது ஒருபோதும் தபாலில் போகாது.

"அடையாள அட்டை இலக்கத்திலும் கடைசி நான்கை விடலாமா, அல்லது கடைசியை மறைத்து முதலை விடலாமா?" என்று மாணவர் கேட்டார். இது நல்ல கேள்வி. வங்கிக் கணக்கு இலக்கத்தின் ஒரு துண்டு, பொருத்திப் பார்ப்பதற்கு உதவுமேயன்றி ஆளைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் சொல்லாது. அடையாள அட்டை இலக்கமோ பேசும் இலக்கம். இப்போதைய 12 இலக்க எண்ணில் முதல் நான்கு, பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்படும். 1992532 என்று தொடங்கினால், 1992 இல், 32 ஆம் நாளாகிய பெப்ரவரி முதலாம் தேதி பிறந்த பெண் என்று எவரும் படித்து விடலாம். முற்பகுதியை விட்டால் பிறந்த நாள் வெளிப்படுகிறது. பிற்பகுதியை விட்டாலும் கணக்காளருக்குப் பயனில்லை. ஆகவே அதை முழுவதும் மறைப்பதே முறை. ஊழியர் சேமலாப நிதிப் படிவங்களையும் அதே கணக்காளரே நிரப்புவதாயின் அந்த இலக்கம் அவருக்கு வேண்டும். அப்போது அதைத் தனியே, அந்த வேலைக்கென்று கொடுக்கலாம்; ஒவ்வொரு சீட்டிலும் பரப்ப வேண்டியதில்லை.

ஒரே விவரம் பல இடங்களில் இருப்பதையும் அன்று கண்டோம். சீட்டில் கணக்கு இலக்கத்தை மறைத்து விட்டு, அதனோடு பிணைத்திருந்த வைப்புச் சீட்டை மறந்திருந்தோம். வங்கிக் கூற்றிலே தொகையின் பக்கத்தில் பெறுநரின் பெயர் அச்சாகியிருந்தது. அங்கும் மறைத்து, மேலே 'நெ 12' என்று எழுதினோம். காசோலைப் பிரதியின் அடிவிளிம்பில் விசித்திர எழுத்தில் ஓர் எண் வரிசை ஓடும். காசோலை இலக்கம், வங்கி மற்றும் கிளையின் குறியீடு ஆகியவற்றோடு கணக்கு இலக்கமும் அதிலேதான் இருக்கிறது.

இனி, எப்படி மறைப்பது? மூலத் தாளில் பேனா படவே கூடாது. மறைத்த மூலம் சான்றாகாது. வரித் திணைக்களம் கேட்கும் நாளில் முழுமையான மூலத்தையே காட்ட வேண்டும். பிரதி ஒன்றெடுத்து அதிலே வேலை செய்ய வேண்டும். கறுப்பு மையால் அழித்த தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அல்லது திருப்பிப் பாருங்கள். எழுத்து மையினூடே தெரிவதுண்டு. எனவே, அழித்த பிரதியை மறுபடி ஒரு பிரதியெடுத்து, அந்த இரண்டாம் பிரதியையே அனுப்ப வேண்டும். இதைவிட எளிய வழி, தடித்த அட்டையில் துண்டுகள் வெட்டி, மறைக்க வேண்டிய இடங்களில் வைத்துப் பிரதியெடுப்பது. கூலிச் சீட்டுகள் யாவும் ஒரே அமைப்பில் இருந்தபடியால், ஜன்னல் வெட்டிய ஓர் அட்டை முழுக் கட்டுக்கும் போதுமாயிற்று.

கைத்தொலைபேசியில் படமெடுத்து அனுப்புவோருக்கும் இதுவே பாதுகாப்பு. அட்டையை வைத்து மூடிய தாளைப் படமெடுக்க வேண்டும். படமெடுத்த பிறகு விரலால் கறுப்புக் கோடு இழுக்கக் கூடாது. தொலைபேசியிலுள்ள சில தூரிகைகள் கண்ணாடித் தாள் போன்றவை. கறுப்பாகத் தோன்றினாலும், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் கீழேயுள்ள எண் எழுந்து வரும்.

கணினியில் செய்த பி.டி.எஃப் ஆவணத்தில் ஆபத்து இன்னும் நுட்பமானது. எழுத்தின்மேல் கறுப்புப் பெட்டி ஒன்றை வைத்தால், அது மேசைமேல் விரித்த துணி போன்றது. கீழேயுள்ள எழுத்து அப்படியே இருக்கிறது. 2019 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். டொனால்ட் டிரம்பின் தேர்தற் பிரசாரத்துக்கு ஒரு காலத்தில் தலைமை வகித்த போல் மேனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள், நீதிமன்றத்தில் ஓர் ஆவணத்தைத் தாக்கல் செய்தார்கள். இரகசியப் பகுதிகளின்மேல் கறுப்புப் பட்டைகள் இருந்தன. செய்தியாளர்கள் அந்தப் பகுதிகளை நகலெடுத்து வேறொரு பக்கத்தில் ஒட்டினார்கள். மறைத்தது அனைத்தும் எழுத்தெழுத்தாக வெளிவந்து விட்டது. பெரிய வழக்கறிஞர்களுக்கு நேர்ந்தது நமக்கும் நேரலாம்.

சோதனையும் அதுவேதான். அனுப்புமுன் ஆவணத்திலுள்ள அனைத்தையும் தெரிந்தெடுத்து, நகலெடுத்து, வெற்றுப் பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். மறைத்த எண் அங்கே தோன்றினால் மறைவு பொய். அத்தகைய ஆவணத்தைத் தாளில் அச்சிட்டு, அந்தத் தாளைப் படமாக்கி அனுப்பினால், எழுத்துக்குக் கீழே எழுத்து இருக்காது. எக்செல் அட்டவணையில் ஒரு நிரலை ஒளித்து வைப்பதும் இத்தகைய மாயமே. பெறுபவர் அதை மறுபடி விரித்து விடுவார். பிரதியொன்று எடுத்து, அதில் அந்த நிரலையே நீக்கி விட வேண்டும்.

இவ்வளவுக்கும் ஓர் எல்லை உண்டு. கணக்கெழுதிக் கொடுப்பவர் வேறு, கணக்காய்வாளர் வேறு. அந்த நெசவாளர் உண்மையில் இருக்கிறாரா, பணம் அவருக்கே போயிற்றா என்று ஐயுறுவது கணக்காய்வாளரின் கடமை. அவர் மூலத்தைக் கேட்டால் மறுக்கலாகாது. கம்பனியாகப் பதிவு பெற்ற வணிகத்தில் கணக்குப் பதிவேடுகளைப் பார்க்கும் உரிமையைச் சட்டமே அவருக்கு அளித்திருக்கிறது. ஆனால் பார்ப்பது ஒன்று, கொண்டு செல்வது மற்றொன்று. அவர் தெரிந்தெடுக்கும் சீட்டுகளின் மூலத்தையும் குறியீட்டுக் கொப்பியையும் கடையிலேயே வைத்துக் காட்டலாம். எவற்றை மறைத்தோம், ஏன் மறைத்தோம் என்று பிரதிக் கட்டின் மேலே ஒரு குறிப்பும் வைத்தோம். சொல்லாமல் மறைத்தால், கணக்கையே மறைத்ததாக அவர் எண்ணக் கூடும்.

ஒரு வாரத்தின் பின் கணக்காளரிடமிருந்து கடிதம் வந்தது. சீட்டுகளில் இரண்டே இரண்டைப் பற்றி விளக்கம் கேட்டிருந்தார். இரண்டிலும் எங்கள் அட்டை சற்று விலகித் தொகையையும் மூடி விட்டிருந்தது. அவற்றை மட்டும் திரும்பப் பிரதியெடுத்து அனுப்பினோம். நெசவாளர் எவருடைய பெயரையும் அவர் கேட்கவில்லை.