தோளோடு நின்றுவிடும் கூந்தல்

சீனாவைச் சேர்ந்த ஷியே சியூபிங் தன் 13ஆம் வயதில், 1973இல், முடி வெட்டுவதை நிறுத்தினார். 2004 மே மாதம் கின்னஸ் சாதனைக்காக அளந்தபோது அவருடைய கூந்தல் 5.627 மீட்டர் இருந்தது. இந்த நீளத்தை 31 ஆண்டுகளால் வகுத்தால் மாதத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் வருகிறது. தோளைத் தாண்டி முடி வளரவில்லையே என்று ஏங்குபவரின் தலையிலும் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. வேகத்தில் இவர்கள் இருவருக்கும் பெரிய இடைவெளி இல்லை. ஷியேயின் முடி பல ஆண்டுகள் உதிராமல் வளர்ந்தபடியே இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

தலையில் இருக்கும் சுமார் ஒரு லட்சம் மயிர்க்கால்களில் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு கால அட்டவணை வைத்திருக்கிறது. முதலில் வளர்பருவம். மருத்துவர்கள் இதை அனாஜன் என்பார்கள். மயிர்க்காலின் அடியில் செல்கள் ஓயாமல் பிரிந்து, இறுகி, முடியாக மேலே தள்ளப்படும் காலம் இது. பெரும்பாலோருக்கு இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் நீடிக்கும். பிறகு இரண்டு மூன்று வாரங்களில் மயிர்க்காலின் அடிப்பகுதி சுருங்கிவிடும். அடுத்த மூன்று மாதம் போல ஓய்வுப்பருவம். முடி அப்போது வளராது, ஆனால் விழாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன்பின் அது உதிர, அதே மயிர்க்காலிலிருந்து புதிய முடி முதலிலிருந்து தொடங்கும்.

ஆக, ஒரு முடி எட்டக்கூடிய நீளம் என்பது மாத வளர்ச்சியை வளர்பருவ மாதங்களால் பெருக்கினால் கிடைப்பது. புருவத்தை யாரும் வாராவாரம் வெட்டுவதில்லை, ஆனாலும் அது கண்ணை மறைப்பதில்லை. அதன் வளர்பருவம் சில மாதங்களிலேயே முடிந்துவிடுவதுதான் காரணம்.

இரண்டு பெண்களை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் மாதம் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஒருவருக்கு வளர்பருவம் 28 மாதம், மற்றவருக்கு 72 மாதம். உச்சந்தலையிலிருந்து தோள் வரை சுமார் 30 சென்டிமீட்டர் என்று வைத்தால், முதல் பெண்ணின் உச்சிமுடி 28 சென்டிமீட்டரில் தோளைத் தொடும் முன்பே நின்றுவிடும். அவர் கத்தரியையே பார்க்காமல் இருந்தாலும், எந்த எண்ணெயைத் தேய்த்தாலும் கணக்கு இதுதான். இரண்டாமவருக்கு 72 சென்டிமீட்டர், இடுப்பை நெருங்கிவிடும்.

இதே கணக்கில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது. முதல் பெண்ணின் மயிர்க்கால் ஒரு சுற்றை முடிக்க ஓய்வையும் சேர்த்து 31 மாதம், அதாவது ஏறக்குறைய 930 நாள் ஆகிறது. ஒரு லட்சம் முடியும் அதற்குள் ஒருமுறை உதிர வேண்டும் என்றால் நாளுக்கு நூற்றுச் சொச்சம் முடி விழும். இரண்டாமவரின் சுற்று 75 மாதம், நாளுக்கு நாற்பத்தைந்து போலத்தான் விழும். குட்டை முடிக்காரரின் சீப்பில் இரண்டு மடங்கு முடி சிக்குவது இப்படித்தான். அவர் அதைப் பார்த்து முடி கொட்டும் நோய் என்று கலங்குகிறார். அந்தக் கலக்கத்தில் வாங்கிப் பூசும் தைலங்களுக்கு அளவே இல்லை.

எல்லா மயிர்க்கால்களும் ஒரே நாளில் வளரத் தொடங்குவதில்லை. ஒரு தலையில் நேற்று முளைத்த முடியும் இருக்கும், மூன்று வருட முடியும் இருக்கும். அதனால் வெட்டாமல் விட்ட கூந்தலில், உச்ச நீளத்தில் பாதித் தூரம் போனதுமே ஏறக்குறைய பாதி முடிதான் மிஞ்சுகிறது. கடைசி சில அங்குலங்களை எட்டுபவை உதிரும் வயதை நெருங்கிய கொஞ்சம் முடிகளே. எலிவால் போல ஜடை மெலிவது இதனால்தான். நுனியை வெட்டிவிட்டால் அடர்த்தியாக வளர்கிறது என்று தோன்றுவதற்கும் இதுவே காரணம். மெலிந்த வால் போய்விட, தடித்த பகுதி கண்ணுக்குத் தெரிகிறது. கத்தரி படுவது உயிரற்ற இழையில், கீழே இருக்கும் மயிர்க்காலுக்கு அந்தச் செய்தி போவதே இல்லை. பழநியிலோ திருப்பதியிலோ மொட்டை போட்டாலும் வளர்பருவத்தின் நீளம் மாறாது.

வளர்பருவத்தை முடித்துவைப்பது யார்? 1994இல் எலிகளை ஆராய்ந்தவர்கள் ஒரு விடையைக் கண்டார்கள். அங்கோரா எனப்படும் நீண்ட ரோம எலிகளில் எஃப்ஜிஎஃப்5 என்ற மரபணு வேலை செய்யவில்லை. போதும், நிறுத்து என்று மயிர்க்காலுக்குச் சொல்லும் புரதத்தை உருவாக்குவது அந்த மரபணுதான். அது இல்லாததால் ரோமம் வழக்கத்தைவிட நீளமாக வளர்ந்தது. நீண்ட ரோமமுள்ள பல நாய், பூனை இனங்களிலும் இதே மரபணு மாறியிருப்பது பின்னர் தெரியவந்தது. பரம்பரையாகவே கண்ணிமை முடி மிக நீளமாக வளரும் சில குடும்பங்களிலும் இதில் பழுது இருப்பதை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. மனிதத் தலைமுடியின் எல்லையை இந்த ஒரு மரபணு மட்டும் தீர்மானிப்பதாகச் சொல்ல முடியாது. ஆனால் நிறுத்தும் உத்தரவு உடலுக்குள்ளிருந்தே வருகிறது, பெரும்பாலும் பரம்பரையாக வருகிறது.

இதன் கடைக்கோடியில் சில குழந்தைகள் இருக்கிறார்கள். மூன்று நான்கு வயதாகியும் ஒருமுறைகூட முடி வெட்டத் தேவைப்படவில்லை என்று பெற்றோர் அழைத்து வருவார்கள். முடி திடமாகத்தான் இருக்கும், ஒடியாது, நுனி மட்டும் வெட்டுப்படாத முடிக்கே உரிய வகையில் கூராக இருக்கும். இதைக் குறுகிய வளர்பருவக் குறைபாடு என்கிறார்கள். பலருக்குப் பருவ வயதில் ஓரளவு தானாகவே சரியாகிறது.

தோளோடு நிற்கும் எல்லா முடியும் எல்லையைத் தொட்டுவிட்டது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அடியில் வளரும் அளவுக்கு நுனியில் ஒடிந்துகொண்டிருந்தாலும் நீளம் கூடாது. அடிக்கடி நேராக்கும் சூட்டுக்கருவி, ப்ளீச், இறுக்கமான ரப்பர் பேண்ட் எல்லாம் இதைச் செய்யும். இரண்டையும் வீட்டிலேயே பிரித்தறியலாம். தலைக்குக் குளிக்கும்போது உதிரும் முடியைச் சில நாள் சேர்த்து வைத்து, வெள்ளைத் தாளில் பரப்பிப் பார்க்க வேண்டும். ஒரு முனையில் சிறிய வெளிறிய குமிழ் இருந்தால் அது வேரோடு தன் காலத்தில் உதிர்ந்த முடி. அப்படிப்பட்டவற்றில் மிக நீளமானவையும் 28, 30 சென்டிமீட்டரில் நின்று, மறுமுனை கூராக மெலிந்திருந்தால் அதுவே அவருடைய எல்லை. குமிழ் இல்லாத துண்டுகளே நிறைய கிடந்து, நுனிகள் வெடித்திருந்தால் முடி ஒடிகிறது என்று பொருள். அதைத் தடுத்தால் நீளம் கூடும். முடி வளரவே இல்லை என்று சந்தேகிப்பவர் டை அடித்த ஒரு மாதம் கழித்து வகிட்டைப் பார்க்கட்டும். வெள்ளையாகத் தெரியும் அந்த ஒரு சென்டிமீட்டர்தான் வளர்ச்சி.

எல்லை வாழ்நாள் முழுவதும் ஒரே இடத்தில் இருப்பதும் இல்லை. வயது ஏற ஏற வளர்பருவம் குறுகலாம். பரம்பரை வழுக்கை தொடங்கியவர்களுக்குச் சுற்றுக்குச் சுற்று குறைந்துகொண்டே போய், முடியும் மெலிந்துவிடும். மினாக்சிடில் மருந்து பலருக்கு இதை ஓரளவு நீட்டிக்கிறது, ஆனால் நிறுத்தினால் பலனும் போய்விடும்.

பிரசவமோ கடும் காய்ச்சலோ வந்தால் கதை வேறு. ஏராளமான மயிர்க்கால்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக உதிரும். பெரும்பாலும் அவை மறுபடி வளரும். நம் இரண்டு பெண்களுக்கும் இப்படி நேர்ந்தால், தோள் வரை முடியுள்ளவருக்குப் பழைய நீளம் முழுதாகத் திரும்ப இரண்டரை ஆண்டு போதும். இடுப்பு வரை வைத்திருந்தவர் ஆறு ஆண்டு காத்திருக்க வேண்டும்.