அயல்நாட்டுப் படிப்புக்கு ஒரு விண்ணப்பக் கடிதம்

அங்கத்தினர்களின் மக்களுள் பட்டம் பெற்ற சிலர் இங்கிலாந்து சென்று மேற்படிப்புப் படிக்க விழைகின்றனர். அவர்களுக்கு ஏற்ற உதவிகளுள் ஒன்று காமன்வெல்த் ஷேர்டு ஸ்காலர்ஷிப் எனப்படும் உபகாரச் சம்பளம். ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கான செலவை பிரிட்டிஷ் அரசாங்கமும் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களும் பகிர்ந்து ஏற்கின்றன. விண்ணப்பிப்பவர் நல்ல வகுப்பில் தேறியிருத்தல் வேண்டும். இவ்வுதவியின்றி அங்கே படிக்க இயலாதவராயிருத்தல் வேண்டும். படிப்பு முடிந்ததும் தாய்நாடு திரும்புதல் வேண்டும். தகுதி, தேவை, திட்டம் ஆகிய இம்மூன்றையும் விண்ணப்பம் ஒருங்கே காட்டியாக வேண்டும்.

பெரும்பாலோர் இவற்றைத் தனித்தனியே எழுதிச் சேர்த்துவிடுகின்றனர். முதலில் பரிசுகளின் பட்டியல், அடுத்து வறுமைப் புலம்பல், ஈற்றில் "நாட்டுக்குச் சேவை செய்வேன்" என்ற வாக்குறுதி. இவற்றிடையே தொடர்பே இராது. திட்டத்தை முதலில் முடிவு செய்துகொண்டால், மற்ற இரண்டிலும் எதைச் சொல்வது, எதை விடுவது என்பது தானே விளங்கும்.

உதாரணமாக, நெசவாளர் மகள் ஒருத்தி நூல் சாயத்தொழிலில் பட்டம் பெற்றவள் என்று கொள்வோம். பருத்தி நூலுக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றுகையில், அழுத்தமான நிறத்துக்கு ஒரு லிட்டர் சாயநீரில் 50 கிராமுக்கு மேலும் உப்பு இடுகின்றனர். கழிவுநீரைத் தெளியவைத்தாலும் அவ்வுப்பு நீங்குவதில்லை. கழிவுநீர் காரணமாக 2011இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதை யாவரும் அறிவர். உப்பைக் குறைத்துச் சாயமேற்றும் முறையைக் கற்பதே அவள் நோக்கம்.

ஆகவே தகுதிப் பகுதியில் அவள் பேச்சுப்போட்டிப் பதக்கத்தை விட்டுவிடலாம். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எத்தனை நூற்கண்டுகளுக்குச் சாயமேற்றினாள், உப்பைக் குறைத்தபோது நிறம் எவ்வளவு வெளிறியது, ஏன் அத்துடன் நின்றது என்று எழுதட்டும். அந்தத் தடையே மேற்படிப்பின் அவசியத்தைக் காட்டும்.

தேவைக்கு நான்கு வாக்கியம் போதும்: "என் தந்தையார் ஒரு தறி நெசவாளர். எங்கள் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,40,000 ரூபாய். என் கல்விக்கடனில் 60,000 ரூபாய் நிலுவை உள்ளது. ஈடு வைக்க எங்களுக்கு நிலமில்லை." இத்தொகை தாசில்தார் தந்த வருமானச் சான்றிதழோடு ஒத்திருக்க வேண்டும். இரண்டிடத்தில் இருவேறு தொகை இருப்பின், உண்மையான வறுமையும் ஐயத்துக்கு இடமாகும்.

திட்டத்தில் இடமும் காலமும் வேண்டும். "திரும்பிய முதலாண்டில், எங்கள் ஊர்ச் சங்கச் சாயப்பட்டறையில் ஒரு தொட்டியில் மட்டும் இம்முறையைச் சோதிப்பேன், உப்பின் அளவையும் செலவையும் மாதந்தோறும் குறிப்பேன்" என்று எழுதலாம். பட்டறையின் இசைவைச் செயலாளரிடம் முன்னரே எழுத்தில் பெற்றிருந்தால் அச்சொல்லுக்கு வலு உண்டு. மாநிலம் முழுவதையும் மாற்றுவேன் என்பதை எவரும் நம்பார்.

குறைந்த மதிப்பெண்ணை எந்தக் கடிதமும் ஈடுசெய்யாது. ஆனால் தகுதியுடையார் பலர் போட்டியிடும்போது கடிதமே வேறுபடுத்தும். எழுதி முடித்தபின் பெயரை மறைத்துப் படித்துப் பாருங்கள். வேறொருவர் பெயரை இட்டாலும் பொருந்துமாயின், அதை மீண்டும் எழுத வேண்டும்.