ஒன்பதாம் மாத ஊசி போதாது

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் பெற்ற என் பழைய மாணவரின் மகள், கடந்த ஆண்டு ஜூலைத் தொடக்கத்தில் ஒரு படிவத்துடன் என்னிடம் வந்தாள். எம்எம்ஆர் தடுப்பூசி இரண்டு தவணை போட்டதற்கான சான்று வேண்டும். இல்லையேல் பாடப் பதிவு முடக்கப்படும் என்றது அது.

அவள் 2003-இல் பிறந்தவள். அரசு மருத்துவமனை அட்டையில் ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மை ஊசி போட்ட குறிப்பு இருந்தது. ஆனால், முதல் பிறந்தநாளுக்கு முன் போட்ட ஊசியை அங்கு கணக்கில் சேர்ப்பதில்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி அந்த வயதில் ஊசியின் பலனைக் குறைத்துவிடக்கூடும் என்பதே காரணம். 2017-இல் பள்ளியில் போட்ட தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு வீட்டில் சான்று இல்லை. இருந்தாலும் அதில் பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து கிடையாது.

எதிர்ப்புச் சக்தியை ரத்தப் பரிசோதனையில் காட்டினாலும் பல பல்கலைக்கழகங்கள் ஏற்கும். ஆனால், மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஊசிதான் கதி. நாள்கள் குறைவாக இருந்ததால் ஊசியையே தேர்ந்தோம். இரு தவணைகளுக்கிடையே குறைந்தது 28 நாள்கள் வேண்டும். பணம் கொடுத்து இதைச் சுருக்க முடியாது. ஜூலை 5-இல் முதல் ஊசி, ஆகஸ்ட் 2-இல் இரண்டாவது, 8-இல் விமானம்.

காசநோய்ப் பரிசோதனையும் கேட்டிருந்தார்கள். நம் பிள்ளைகள் பிறந்ததும் பிசிஜி ஊசி போட்டுக்கொள்பவர்கள். அதனால் தோல் பரிசோதனையில் நோய்த்தொற்று இல்லாமலேயே தடிப்பு வரக்கூடும். 'இக்ரா' எனும் ரத்தப் பரிசோதனையை பிசிஜி குழப்புவதில்லை. எம்எம்ஆர் உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிப்பது என்பதால், அது சில வாரங்களுக்கு இப்பரிசோதனையின் முடிவை மங்கச் செய்யலாம். எனவே, முதல் ஊசி போட்ட அன்றே ரத்தமும் கொடுக்கச் சொன்னேன். தவறினால் நான்கு வாரமாவது காத்திருக்க வேண்டும். (சில பல்கலைக்கழகங்கள் இப்பரிசோதனையைத் தங்கள் வளாகத்தில்தான் செய்ய வேண்டும் என்கின்றன, படிவத்தைப் படித்த பிறகே ஆய்வகத்துக்குச் செல்வது நல்லது.)

எல்லாம் முடிந்தும் படிவம் திரும்பி வந்தது. மருத்துவர் நம் வழக்கப்படி 05/07, 02/08 என்று எழுதியிருந்தார். அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுபவர்கள். முதல் ஊசி மே 7, இரண்டாவது பிப்ரவரி 8 என்று படித்திருக்கிறார்கள். இரண்டாவது ஊசி முதல் ஊசியை முந்திவிட்டது! மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதி, கையொப்பமும் பதிவு எண்ணுடன் கூடிய முத்திரையும் பெற்று மறுபடி அனுப்பினோம். விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள் மாலை முடக்கம் நீங்கியது.